கீ எண்ணிக்கை வேலைக்குச் சாட்சி சொல்லுமா?

காரைக்கால்மேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் காரைக்கால் நகரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறார். மீனவர்கள் கொண்டு வரும் விண்ணப்பங்களைச் சரி பார்த்துக் கம்ப்யூட்டரில் பதிவது இவர் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில் கையில் ஒரு தாளுடன் என் வீட்டிற்கு வந்தார். "மாமா, நீங்க கம்ப்யூட்டர் பத்தி எழுதுறீங்களே, இதைப் பாத்துச் சொல்லுங்க. நான் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் வேலை பாத்தேனாம்" என்றார். அப்போது அவர் குரல் சரியாக இல்லை.

அது அவருடைய ஆண்டு மதிப்பீட்டுத் தாளுடன் இணைக்கப்பட்ட ஒரு ரிப்போர்ட். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பதியப்பட்டுள்ள கண்காணிப்பு புரோகிராம் ஒன்று தந்தது. ஒவ்வொரு மாதமும் அவர் லாக் இன் செய்த நேரம், லாக் ஆப் செய்த நேரம், சராசரியாக ஒரு நாளில் அழுத்திய கீகளின் எண்ணிக்கை, "Active" நேரம் என நான்கு கட்டங்கள் அதில் இருந்தன. சென்ற ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடு வரை எல்லா எண்களும் சரிந்து கிடந்தன. அதை வைத்து அவருக்குக் குறைந்த கிரேடு தரப்பட்டிருந்தது.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதிகளைப் பார்த்த உடனே விஷயம் புரிந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நிவாரணம் கேட்டு வரும் மனுக்கள் குவியும். இவருடைய கவுண்டரில் கூட்டம் அலைமோதும் நாட்கள் அவைதான். ஆண்டிலேயே அதிகம் உழைத்த இரண்டு மாதங்களில் தான் இவர் சோம்பேறி என்று கம்ப்யூட்டர் சாட்சி சொல்லியிருக்கிறது.

இப்படிப்பட்ட புரோகிராம்கள் இப்போது பல அலுவலகங்களில் பயன்படுத்தப்படுகின்றன. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் சொந்தக் கம்ப்யூட்டரிலும் பதியச் சொல்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் நாளை இது வரலாம். எனவே இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, அவற்றை ஒருவரின் உழைப்புக்குச் சாட்சியாக எடுத்துக் கொள்ளலாமா என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

கீ போர்டில் ஒரு கீயைத் தட்டினாலும், மவுஸை அசைத்தாலும், அது நடந்த நேரத்தை விண்டோஸ் குறித்துக் கொள்கிறது. ஸ்கிரீன் சேவர் எப்போது வர வேண்டும் என்று தெரிந்து கொள்வதற்கும் இந்தக் குறிப்பு தேவைப்படுகிறது. கண்காணிப்பு புரோகிராம் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பெறுகிறது. கடைசியாக உள்ளீடு வந்து இத்தனை நிமிடம் ஆகிவிட்டது என்றால், ஆள் சும்மா இருக்கிறார் என்று முடிவு கட்டுகிறது. அந்த "இத்தனை நிமிடம்" என்பதை அலுவலகமே செட்டிங்ஸில் அமைக்கலாம். ஐந்து நிமிடம் என்றும் வைக்கலாம், பத்து நிமிடம் என்றும் வைக்கலாம்.

அந்தப் பெண்ணிடம் கவுண்டரில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். ஒருவர் வருகிறார். குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், படகுப் பதிவுத் தாள் ஆகியவற்றை வாங்கிப் பார்க்க வேண்டும். பெயரில் எழுத்து மாறியிருந்தால் விசாரிக்க வேண்டும். விட்டுப்போனதை எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஏழு நிமிடம். பிறகு மூன்று நிமிடம் டைப் செய்கிறார். ஆக ஒருவருக்குப் பத்து நிமிடம். காலை 9:30 முதல் 1:00 வரை, மதியம் 2:00 முதல் 5:30 வரை, மொத்தம் ஏழு மணி நேரத்தில் 42 பேர்.

இந்த ஒரே நாளை மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் வழி. ஐந்து நிமிடத்திற்கு மேல் கீ அழுத்தப்படாவிட்டால், அந்த இடைவெளி முழுவதையும் கழித்துவிடுவது. ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் ஏழு நிமிடம் போய்விடும். மீதி மூன்று நிமிடம். 42 பேருக்கு 126 நிமிடம், அதாவது 2 மணி 6 நிமிடம்.

இரண்டாவது வழி. இதுவும் ஐந்து நிமிடக் கணக்குதான். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தை வேலை என்று ஏற்றுக் கொண்டு, அதற்கு மேற்பட்டதை மட்டும் கழிப்பது. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மட்டுமே போகும். விடை 336 நிமிடம், அதாவது 5 மணி 36 நிமிடம்.

மூன்றாவது வழி. எல்லையைப் பத்து நிமிடம் என்று வைப்பது. ஏழு நிமிட இடைவெளி அந்த எல்லையைத் தொடவே இல்லை. எனவே எதுவும் கழிக்கப்படாது. விடை முழு 7 மணி நேரம்.

அதே பெண், அதே நாற்காலி, அதே 42 பேர். செட்டிங்ஸில் ஓர் எண்ணை மாற்றியதால் 2 மணி 6 நிமிடம் 7 மணி நேரமாகிவிட்டது. அவர் தாளில் இருந்த எண் ஏறத்தாழ முதல் விடையை ஒத்திருந்தது. அந்தத் தாளில் எந்த இடத்திலும் எல்லை எத்தனை நிமிடம், கழித்தது எந்த வழியில் என்ற தகவல் இல்லை. அது தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. எடைக்கல்லைக் காட்டாமல் எடையை மட்டும் சொல்லும் கடையில் நாம் அரிசி வாங்குவோமா?

லாக் இன் நேரமாவது சரியாக இருக்குமா?

கீ எண்ணிக்கை தான் சிக்கல், லாக் இன் நேரம் கடிகாரக் கணக்கு, அதில் தவறு வராது என்று நினைக்கலாம். இதை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் கீயுடன் R கீயை அழுத்துங்கள். கிடைக்கும் சிறிய கட்டத்தில் கீழே உள்ளதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
eventvwr.msc
```

Event Viewer என்னும் விண்டோ திறக்கும். இடது பக்கம் Windows Logs என்பதை விரித்து System என்பதில் கிளிக் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் தனக்கு நேர்ந்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கும். ஏதேனும் ஒரு வரியில் இரண்டு முறை கிளிக் செய்து, Details என்னும் டேப்பில் XML View என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் இது போன்ற ஒரு வரி இருக்கும்.

```
<TimeCreated SystemTime="2025-06-09T04:02:11.0000000Z" />
```

இதில் நேரம் காலை 4 மணி 2 நிமிடம் என்று இருக்கிறது. ஆனால் General டேப்பில் அதே நிகழ்ச்சி காலை 9:32 என்று காட்டப்படும். இரண்டும் சரிதான். விண்டோஸ் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதி வைக்கிறது. முடிவில் உள்ள Z என்ற எழுத்து அதைக் குறிக்கிறது. நமக்குக் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி இந்திய நேரமாகக் காட்டுகிறது.

இப்போது ஒருவர் இந்தப் பதிவை எடுத்து, ஐந்தரை மணியைக் கூட்ட மறந்து, எக்ஸெல் தாளில் போட்டுவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். காலை 9:32க்கு வந்து மாலை 5:30க்குச் சென்றவர், காலை 4:02க்கு வந்து பகல் 12:00க்குச் சென்றவர் ஆகிவிடுவார். "அலுவலக நேரமான 9:30 முதல் 5:30 வரை உள்ளதை மட்டும் கணக்கிடு" என்று தாளில் ஒரு பார்முலாவும் இருந்தால், அவர் வேலை செய்தது 9:30 முதல் 12:00 வரை இரண்டரை மணி நேரம் மட்டுமே. தினமும் மதியத்திற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று மேலதிகாரி கோபப்படுவார். இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லா நாட்களிலும், எல்லோருக்கும், சரியாக ஐந்தரை மணி நேரம் விலகி இருக்கும். ஆனால் ஒருவர் தாளை மட்டும் தனியாகப் பார்த்தால் அது தெரியாது.

அடுத்தது மின்சாரம். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் மின்சாரம் தடைப்படுவது புதிதல்ல. யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிடும். அப்போது "லாக் ஆப்" என்று எழுதி வைக்கக் கம்ப்யூட்டருக்கு நேரமில்லை. மீண்டும் இயக்கும்போது, முந்தைய முறை எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று 6008 என்னும் எண்ணிட்ட ஒரு நிகழ்ச்சியை எழுதும். System பட்டியலில் வலது பக்கம் Filter Current Log என்பதில் கிளிக் செய்து 6008 என்று கொடுத்தால், உங்கள் கம்ப்யூட்டரில் இது எத்தனை முறை நடந்தது என்று பார்க்கலாம். மின்சாரம் போன நேரத்துக்கும் திரும்பிய நேரத்துக்கும் இடையில் அந்த ஊழியர் பேனாவும் பேரேடுமாக வேலை செய்திருக்கலாம். அந்த இடைவெளியை வேலை என்பதா, விடுப்பு என்பதா என்பதை முடிவு செய்தவர் அந்தக் கண்காணிப்பு புரோகிராமை எழுதியவர். அவர் காரைக்காலைப் பார்த்திருக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. Task Manager திறந்து, Performance டேப்பில் CPU என்பதில் கிளிக் செய்தால் கீழே "Up time" என்று ஒரு நேரம் தெரியும். இரவு ஷட் டவுன் செய்த கம்ப்யூட்டரிலும் இது சில சமயம் மூன்று நாள், நான்கு நாள் என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுது எதுவும் இல்லை. விண்டோஸில் Fast Startup என்னும் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதி அப்படியே சேமித்து வைக்கப்படுகிறது. மறுநாள் அது விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் பழைய கணக்கும் தொடர்கிறது. கம்ப்யூட்டர் இயங்கிய நேரத்தை ஆள் இருந்த நேரமாக எடுத்துக் கொண்டால், தூங்கியவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.

தமிழில் டைப் செய்பவர் கணக்கு

கீ எண்ணிக்கைக்கு வருவோம். எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். காரைக்கால்மேடு. தமிழ்99 கீ போர்டில் இதை டைப் செய்ய அழுத்த வேண்டிய கீகள் இவை.

```
h q m r h h q n f k t o d
```

மொத்தம் 13. தமிழ்99 முறையில் ககரத்தை இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதனால் அங்கே ஒரு கீ மிச்சம். இதே பெயரை ஆங்கில ஒலிப்பு முறையில் டைப் செய்பவர் கீழே உள்ளபடி அடிப்பார்.

```
kaaraikkaalmeedu
```

இதில் 16 கீகள். அதாவது அதே சொல்லுக்கு ஏறத்தாழ கால் பங்கு கூடுதல். ஒரே அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே கடிதத்தை ஒரே நேரத்தில் டைப் செய்தாலும், ரிப்போர்ட்டில் ஒலிப்பு முறைக்காரர் அதிகம் உழைத்தவராகத் தெரிவார். முறையாகத் தமிழ்99 கற்றவர் பின்தங்கியவர் ஆவார். தவறாக டைப் செய்து பேக்ஸ்பேஸ் அழுத்தி அழித்துத் திருத்துபவர் இருவரையும் முந்திவிடுவார். தவறு செய்யச் செய்ய எண்ணிக்கை கூடும் அல்லவா?

எக்ஸெல்லிலும் இதே கதைதான். ஒரு மாதத்தின் 30 நாள் வசூலைக் கால்குலேட்டரில் கூட்டி விடையை டைப் செய்பவர் உண்டு. 30 எண்களையும் கம்ப்யூட்டரின் கால்குலேட்டரிலேயே தட்டிக் கூட்டுபவரும் உண்டு. வேலை தெரிந்தவர் Alt கீயுடன் சமக் குறியை அழுத்தி என்டர் தட்டுவார். கீழே உள்ள பார்முலாவை எக்ஸெல் தானாகப் போட்டுக் கொள்ளும்.

```
=SUM(B2:B31)
```

மூன்றே கீகள். இந்த மாத இதழைப் படித்து இப்படிக் கற்றுக் கொண்டவருக்கு அலுவலகம் கொடுக்கும் பரிசு குறைந்த கிரேடு என்றால், அவர் அடுத்த மாதம் என்ன செய்வார்?

என்ன செய்வார் என்பதற்கு உலக அளவில் விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்றான வெல்ஸ் பார்கோ 2024ஆம் ஆண்டில் பத்துப் பதினைந்து ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. வேலை செய்வது போலக் காட்டுவதற்காகக் கீ போர்டு இயக்கத்தைப் போலியாக உருவாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. மவுஸைத் தானாக அசைத்துக் கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தச் சாட்சி நின்ற இடம்

அப்படியானால் இந்தப் பதிவுகளை எங்கேயும் பயன்படுத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தச் சாட்சி சட்டத்தின் முன் நின்ற ஒரு வழக்கும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் ஐஏஜி என்னும் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒரு பெண் 2023 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அவர் வீட்டிலிருந்து வேலை செய்தவர். 2022 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 49 வேலை நாட்களுக்கு அவருடைய லேப்டாப்பின் கீ பதிவுகளை நிறுவனம் ஆராய்ந்தது. 47 நாட்களில் தாமதமாகத் தொடங்கியிருந்தார். 44 நாட்களில் முழு நேரமும் வேலை செய்யவில்லை. ஒரு கீ கூட அழுத்தப்படாத நேரம் அக்டோபரில் 117 மணி, நவம்பரில் 143 மணி, டிசம்பரில் 60 மணி. அந்தப் பதிவு சரியாக இருக்க முடியாது என்று அவர் சொன்னார். அங்குள்ள பேர் வொர்க் கமிஷன் அதை ஏற்கவில்லை. நீக்கியது செல்லும் என்று 2023ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வந்தது.

இதைக் காட்டி "பார்த்தீர்களா, கீ பதிவு போதும்" என்று சொல்பவர்கள் மூன்று விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, அவர் வேலையில் ஏற்கெனவே குறைகள் இருந்தன. கெடு தேதிகள் தவறின, கூட்டங்களுக்கு வரவில்லை, அழைத்தபோது கிடைக்கவில்லை. கீ பதிவு அதற்குப் பிறகே பார்க்கப்பட்டது. இரண்டாவது, அவருடைய வேலை கீ போர்டில் நடக்கும் வேலை. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 54 கீகள் என்பது அந்த வேலைக்கு மிகக் குறைவு. கவுண்டரில் ஆட்களுடன் பேசும் வேலைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மூன்றாவது, பதிவு அவரிடம் காட்டப்பட்டு, அவருடைய விளக்கம் கேட்கப்பட்டது. அவர் சொன்ன பதில் நம்பும்படி இல்லை என்பது வேறு விஷயம். கேட்டார்கள் என்பது முக்கியம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் ஒரு வெப் டெவலப்பரின் அலுவலகக் கம்ப்யூட்டரில் அவர் தட்டிய எல்லாக் கீகளையும் பதிவு செய்யும் கீ லாகர் போடப்பட்டிருந்தது. அலுவலக நேரத்தில் சொந்த வேலை பார்த்தார் என்று அதை வைத்து நீக்கினார்கள். கொஞ்சம் சொந்த வேலை பார்த்ததை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2017 ஜூலை 27 அன்று அந்நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அந்தப் பதிவைச் சாட்சியாக ஏற்க மறுத்தது. குறிப்பிட்ட ஒருவர் மீது உறுதியான சந்தேகம் எதுவும் இல்லாத நிலையில், பொத்தாம் பொதுவாக எல்லாக் கீகளையும் பதிவு செய்தது சட்டவிரோதம் என்றது.

கீகளை எண்ணுவதும் கீகளைப் பதிவு செய்வதும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனியுங்கள். எண்ணும் புரோகிராமுக்கு நீங்கள் 5000 கீ அழுத்தியது மட்டும் தெரியும். கீ லாகருக்கு நீங்கள் என்ன டைப் செய்தீர்கள் என்பதே தெரியும். இடையில் உங்கள் வங்கி பாஸ்வேர்டை டைப் செய்திருந்தால் அதுவும் அங்கே போய்ச் சேரும்.

நம் நாட்டில் என்ன வழி?

பணியாளர் மதிப்பீட்டில் மறைவான பதிவு எத்தனை கெடுதல் செய்யும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. எல்லைச் சாலைகள் அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கு அது. 1993-94ஆம் ஆண்டுக்கான அவருடைய ரகசியக் குறிப்பில் "நன்று" என்று எழுதியிருந்தார்கள். கேட்க நல்ல சொல்தான். ஆனால் பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவை என்று விதி இருந்தது. அந்த ஒரு சொல்லால் அவர் பதவி உயர்வை இழந்தார். அப்படி எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. நல்லதோ கெட்டதோ, மதிப்பீட்டுக் குறிப்பு ஒவ்வொன்றையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுப்பு எழுத வாய்ப்பு தர வேண்டும் என்று 2008 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசின் பணியாளர் துறை, மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும், அவர் 15 நாட்களுக்குள் முறையிடலாம் என்று ஆணை பிறப்பித்தது.

இது அரசு ஊழியர்களுக்கான தீர்ப்பு. தனியார் அலுவலகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் பின்னால் உள்ள நியாயம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். தேவ் தத்தின் தாளில் மறைந்திருந்தது ஒரு சொல். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தாளில் மறைந்திருந்தது செட்டிங்ஸில் உள்ள ஓர் எண்.

2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும், துல்லியமாகவும், முரண்பாடு இல்லாமலும் இருக்க வேண்டும் என்று அதன் எட்டாம் பிரிவு சொல்கிறது. நம் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. ஆனால் ஏழாம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. அப்படிச் சம்மதம் இல்லாமல் எடுத்த தரவைக் காட்டு, திருத்து என்று கேட்கும் உரிமையோ, சம்மதம் தந்தவர்களுக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. துல்லியமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. துல்லியமாக இருக்கிறதா என்று பார்க்கும் உரிமையை ஊழியருக்குத் தரவில்லை. இந்தக் குறை சரி செய்யப்பட வேண்டும்.

என் கருத்து

லாக் இன் நேரமும் கீ எண்ணிக்கையும் ஒரு கேள்வியைத் தொடங்கி வைக்கலாம். "இந்த மாதம் எண் குறைந்திருக்கிறதே, ஏன்?" என்று மேலதிகாரி கேட்பதில் தவறில்லை. கேட்காமல் அந்த எண்ணையே விடையாகத் தாளில் ஒட்டுவதுதான் தவறு. வேலை நடந்ததா என்பதற்கு வேலையே சாட்சியாக இருக்க வேண்டும். எத்தனை மனுக்கள் முடிந்தன, எத்தனை திரும்பி வந்தன, எத்தனை கெடு தேதிகள் தவறின என்பவை அந்தச் சாட்சிகள். கீ பதிவு அதற்குத் துணையாக வரலாம். தனியாக வரக் கூடாது.

உங்கள் மதிப்பீட்டுத் தாளில் இப்படிப்பட்ட எண் வந்தால் நான்கு கேள்விகளை எழுத்து மூலமாகக் கேளுங்கள். சும்மா இருந்ததாகக் கணக்கிட எத்தனை நிமிட எல்லை வைத்தீர்கள்? அந்த இடைவெளி முழுவதையும் கழித்தீர்களா, எல்லையைத் தாண்டியதை மட்டும் கழித்தீர்களா? நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமா? மின்சாரம் போன நேரத்தை எப்படி எடுத்துக் கொண்டீர்கள்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத ரிப்போர்ட்டைச் சாட்சி என்று அழைக்க முடியாது.

உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் இந்த புரோகிராமைப் பதியச் சொன்னால், அது கீகளை எண்ணுமா, பதிவு செய்யுமா, ஸ்கிரீனைப் படம் எடுக்குமா என்று முதலில் கேளுங்கள். விண்டோஸில் தனி யூசர் அக்கவுன்ட் தொடங்கி அதில் பதிந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியுடன் பதியப்படும் புரோகிராம் வீட்டில் உள்ள மற்றவர்களின் அக்கவுன்ட்டிலும் இயங்கலாம். உங்கள் பிள்ளை டைப் செய்வதும் அலுவலகத்துக்குப் போகலாம். அலுவலக வேலைக்கு அலுவலகமே ஒரு கம்ப்யூட்டர் தரட்டும் என்று கேட்பதுதான் சரி.

பக்கத்து வீட்டுப் பெண் அந்த நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அதனுடன், தடைக்காலத்தின் டோக்கன் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு நாளும் எத்தனை பேரைப் பார்த்தார் என்பதையும் தேதி வாரியாக எழுதி இணைத்தார். பெரும்பாலான நாட்களில் நாற்பதுக்கும் மேல். அலுவலகம் கிரேடை மாற்றவில்லை. எல்லை எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு, புரோகிராம் விற்றவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. ஒரு வருட உழைப்புக்குக் கிரேடு போட்டவர்களுக்கே, எந்த அளவுகோலால் அளந்தோம் என்று தெரியவில்லை. ஆனால் டோக்கன் பதிவேட்டின் நகலை அவர் மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்துக் கொண்டார்கள். இந்த ஆண்டு தடைக்காலத்துக்கு முன்பே அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டார். பார்த்த ஆட்கள், தொலைபேசி அழைப்புகள், மின்சாரம் போன நேரம் என எல்லாவற்றையும் தன் கையால் எழுதி வருகிறார். அதையும் மதிப்பீட்டு நாளில் மேஜை மேல் வைக்கப் போவதாகச் சொன்னார்.